31 குறிப்புகளில் முதலில் எது?

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இளம் ஆய்வாளருக்கு, சில மாதங்கள் கழித்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. "உங்கள் கட்டுரையில் பெரிய திருத்தங்கள் தேவை. மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் கீழே உள்ளன" என்று இரண்டே வரி. கீழே ஏழு பக்கங்கள். முதல் மதிப்பீட்டாளர் 14 குறிப்புகள் எழுதியிருக்கிறார், இரண்டாமவர் 17. முதல் குறிப்பு தலைப்பில் ஒரு சொல்லை மாற்றச் சொல்கிறது. இரண்டாவது, முன்னுரையைச் சுருக்கச் சொல்கிறது. ஒன்பதாவது குறிப்பில் ஒற்றை வரியாக ஒன்று இருக்கிறது: "நிலையங்கள் வாரியான ஒற்றுமையைக் கணக்கில் எடுத்திருக்கலாம்." கட்டுரையின் முடிவையே கவிழ்க்கக்கூடிய வரி அதுதான். படிப்பவரோ அதற்குள் தலைப்பை மாற்ற உட்கார்ந்திருப்பார்.

ஆய்வுக் கட்டுரை எதுவும் அச்சேறுவதற்கு முன்பு, அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் போகிறது. ஊதியம் இல்லாமல் அவர்கள் அதைப் படித்து, குறைகளை எழுதித் தருகிறார்கள். அதுதான் சக வல்லுநர் மதிப்பீடு. அந்த அறிக்கையை வைத்து ஏற்பதா, திருத்தக் கேட்பதா, மறுப்பதா என்று முடிவு செய்பவர் ஆய்விதழின் ஆசிரியர். அறிக்கையை எழுதுகிறவர் கட்டுரையைப் படித்துக்கொண்டே போகிறார். பக்கம் புரளப் புரளக் கண்ணில் பட்டதை வரிசையாகக் குறிக்கிறார். அதனால் அறிக்கையின் வரிசை என்பது படித்த வரிசை. முக்கியத்துவத்தின் வரிசை அதில் தானாக வந்து சேராது. அதைச் செய்வது தனி வேலை, அது ஆசிரியரின் வேலை. பல இதழ்களில் ஆசிரியர்கள் இதைச் செய்வதில்லை. அறிக்கைகளை அப்படியே ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். அப்போது அந்தச் சுமை, அதற்கான அதிகாரம் இல்லாத கட்டுரையாளரின் தலையில் விழுகிறது.

இந்தப் பழக்கத்தை மாற்ற முயன்ற இதழ்களில் எனக்குத் தெரிந்தவரை மிகத் தெளிவாகச் செய்தது இலைஃப். அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கழகம், பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை ஆகிய மூன்றும் சேர்ந்து 2012-இல் தொடங்கிய உயிரியல் ஆய்விதழ் அது. முதல் தலைமை ஆசிரியர் ராண்டி ஷெக்மன். மறு ஆண்டே மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அதற்குச் சற்று முன்பு, 2011-இல், நோய் எதிர்ப்பியல் அறிஞர் ஹிட்டா பிளூக் நேச்சர் இதழில் கடுமையான ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மதிப்பீட்டாளர்கள் தேவையில்லாத கூடுதல் சோதனைகளைக் கேட்டுக் கேட்டு இளைஞர்களின் காலத்தையும் ஆய்வகத்தின் பணத்தையும் வீணடிக்கிறார்கள், முடிவுக்கு அந்தச் சோதனை அவசியமா என்று யாரும் கேட்பதில்லை என்பது அவருடைய குறை.

இலைஃப் அதற்குக் கண்ட வழி எளிமையானது. மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாக அறிக்கை எழுதி அனுப்பியதும், ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பார்க்கலாம். பிறகு ஆசிரியரும் அவர்களும் கலந்து பேசுவார்கள். "இந்தச் சோதனை உண்மையில் வேண்டுமா?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்பார். பேச்சு முடிந்ததும் ஆசிரியர் ஒரே கடிதம் எழுதுவார். அதில் இன்றியமையாத திருத்தங்கள் என்ற தலைப்பில், கட்டாயம் செய்தே ஆகவேண்டியவை மட்டும் இருக்கும். புதிய சோதனை கேட்பதானால், அது சுமார் இரண்டு மாதத்துக்குள் முடியக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அந்த இதழ் வைத்துக்கொண்ட நெறி. ஏற்கப்பட்ட கட்டுரைகளோடு அந்தக் கடிதங்களையும் வெளியிட்டார்கள். ஏழு பக்க அறிக்கையிலிருந்து ஒரு பக்கப் பட்டியல் எப்படிப் பிறக்கிறது என்று கற்க விரும்புகிறவர்களுக்கு அவை நல்ல பாடம்.

அந்த வேலையை ஒரு மாதிரியை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். கீழே வரும் கட்டுரையும் அறிக்கையும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் அவற்றில் உள்ள குறைகள் பொதுச் சுகாதார ஆய்வுகளில் வழக்கமாகக் காணக்கூடியவை.

ஆய்வு இதுதான். இரத்த அழுத்த நோயாளிகளுக்குத் தினமும் கைபேசியில் ஒரு நினைவூட்டல் அனுப்பினால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? 12 ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 6 நிலையங்களுக்கு நினைவூட்டல், மீதி 6 நிலையங்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஒவ்வொரு பக்கமும் 270 பேர், ஆக 540 பேர். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது நினைவூட்டல் பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார்கள். மற்ற பக்கம் 60 சதவீதத்தினர். நினைவூட்டலுக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வரக்கூடிய வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.01. ஆகவே நினைவூட்டல் பலன் தருகிறது, மாநிலம் முழுவதும் கொண்டுவரலாம் என்பது கட்டுரையின் முடிவு.

மதிப்பீட்டு அறிக்கையைத் தொடுவதற்கு முன்பு ஆசிரியர் செய்யவேண்டிய முதல் காரியம், கட்டுரை எதை நிலைநாட்ட வருகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வது. இங்கே அது, "தினசரி நினைவூட்டல், ஆறு மாதத்தில், இரத்த அழுத்த நோயாளிகள் மாத்திரை சாப்பிடும் ஒழுங்கைக் கூட்டுகிறது." இந்த வாக்கியம்தான் அளவுகோல். எந்தக் குறிப்பு பெரியது, எது சிறியது என்பதை மதிப்பீட்டாளரின் குரலோ, அவர் எத்தனை வரி எழுதினார் என்பதோ தீர்மானிக்கக்கூடாது. அந்தக் குறிப்பு சரி என்று வைத்துக்கொண்டால் இந்த வாக்கியத்துக்கு என்ன ஆகிறது என்பதே தீர்மானிக்கவேண்டும்.

அடுத்தது பிரிப்பது. ஒரே பத்தியில் மூன்று கோரிக்கைகள் சேர்ந்திருக்கும். ஒரே கோரிக்கை இரண்டு பேரிடமிருந்தும் வேறு வேறு சொற்களில் வந்திருக்கும். பாராட்டும் சுருக்கவுரையும் நடுவில் கலந்திருக்கும். அவற்றை ஒதுக்கி, ஒரு செயலுக்கு ஒரு சீட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் மூல அறிக்கையின் எண்ணைக் குறிக்கவேண்டும்: "ம1-9", "ம2-4" என்பது போல. இது சலிப்பான வேலை. ஆனால் கடைசியில் எதுவும் நழுவவில்லை என்று சரிபார்க்க இந்த எண்களை விட்டால் வேறு வழியில்லை.

இனி வரிசைப்படுத்துவது. தலைப்புச் சொல், முன்னுரை நீளம், ஆங்கில நடை, அட்டவணை 2-இல் இடம் மாறிய தலைப்புகள் ஆகியவை நிலைநாட்ட வந்த வாக்கியத்தைத் தொடவே இல்லை. தொடுகிறவை எவை? நான்கைந்துதான்.

முதல் மதிப்பீட்டாளரின் ஒன்பதாவது குறிப்பை எடுத்துக்கொள்வோம். குலுக்கல் நடந்தது நிலையங்களுக்கு. கணக்கிட்டதோ தனித்தனி நோயாளிகளாக. ஒரே நிலையத்துக்கு வருபவர்கள் ஒரே செவிலியரிடம் பேசுகிறார்கள், ஒரே நாளில் மாத்திரை வாங்குகிறார்கள், ஒரே ஊர்ப் பழக்கத்தில் வாழ்கிறார்கள். அதனால் அவர்கள் ஒருவரைப் போல ஒருவர் நடந்துகொள்ளும் போக்கு கொஞ்சமாவது இருக்கும். 40 பேரைக் கேட்டாலும் 40 தனித் தகவல்கள் கிடைப்பதில்லை. புள்ளியியலில் இதை அளக்க ஓர் எண் உண்டு; அந்த ஒற்றுமை அளவு 0.05 என்ற சிறிய எண்ணாகவே இருக்கட்டும். ஒரு நிலையத்துக்குச் சராசரியாக 40 பேர் என்றால் கணக்கு இப்படி வரும்:

1 + (40 − 1) × 0.05 = 2.95

கடைசியில் கணக்கில் வந்தவர்கள் 480 பேர். அதை 2.95-ஆல் வகுத்தால் சுமார் 163. அதாவது 480 பேரை விசாரித்திருந்தாலும் உண்மையில் 163 பேரிடம் தனித்தனியாகக் கேட்ட அளவுக்குத்தான் உறுதி இருக்கிறது. இதைச் சேர்த்துக்கொண்டால் 0.01 என்றிருந்த பி மதிப்பு ஏறத்தாழ 0.14 ஆகிவிடும். தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத இடத்தில் இருந்த வேறுபாடு, தற்செயலாகவே இருக்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. "கணக்கில் எடுத்திருக்கலாம்" என்று மரியாதையாகச் சொன்ன அந்த ஒரு வரியின் எடை இவ்வளவு.

இரண்டாம் மதிப்பீட்டாளரின் நான்காவது குறிப்பு: "540 பேர் சேர்ந்தார்கள் என்கிறீர்கள், அட்டவணையில் 480 பேர்தான் இருக்கிறார்கள்." கேட்பதற்கு எண்ணுப் பிழை போலத் தோன்றும். கட்டுரையின் பின்னிணைப்பைப் பார்த்தால் விஷயம் வேறு. விட்டுப்போன 60 பேரில் 43 பேர் நினைவூட்டல் பக்கத்தவர், 17 பேர்தான் மற்ற பக்கத்தவர். தினம் செய்தி வந்து சலித்தவர்கள் விலகிக்கொண்டிருக்கலாம். மாத்திரை சாப்பிடாதவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டு வராமல் இருந்திருக்கலாம். நினைவூட்டல் பக்கம் மிஞ்சிய 227 பேரில் 161 பேர் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். அதுதான் 71 சதவீதம். மற்ற பக்கம் 253-இல் 152. அது 60 சதவீதம். வராமல் போனவர்கள் எல்லோரும் மாத்திரையை விட்டவர்கள் என்று வைத்து, இரண்டு பக்கமும் 270-ஆல் வகுத்துப் பாருங்கள். 59.6 சதவீதமும் 56.3 சதவீதமும் வரும். 11 புள்ளி வேறுபாடு 3 புள்ளியாகச் சுருங்குகிறது. போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் முடிவுக்கு வர முடியாது.

மூன்றாவது குறிப்பு இன்னும் நுட்பமானது. நோயாளிகளை வைத்து நடத்தும் ஆய்வுகளை, தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். இந்தியாவில் அதற்கு சிடிஆர்ஐ என்ற பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. எதை அளப்பது முதன்மை நோக்கம் என்பதையும் அங்கே எழுதவேண்டும். நம் மாதிரிக் கட்டுரையின் பதிவில் முதன்மை அளவீடு ஆறாம் மாத இரத்த அழுத்தம். கட்டுரையிலோ மாத்திரை ஒழுங்கு முன்னுக்கு வந்துவிட்டது. இரத்த அழுத்தம் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாக ஒதுங்கிவிட்டது. இரண்டாம் மதிப்பீட்டாளர் இதைத் தன் பதினைந்தாவது குறிப்பில், எழுத்துப் பிழைகளுக்கு நடுவே, "பதிவேட்டு விவரங்கள் கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். பலவற்றை அளந்துவிட்டு நல்ல முடிவு தந்ததை மட்டும் முன்னால் வைத்தால், எந்த ஆய்வும் வெற்றி பெற்றதாகத் தோன்றும். ஆகவே இதுவும் அடித்தளக் குறை.

இப்போது மூன்று குறிப்புகளும் ஒரே எடை கொண்டவை. மூன்றில் எது முதல்? இந்த இடத்தில் ஆசிரியர்கள் பலர் மிகப் பெரிய அதிர்ச்சி தருவதை மேலே வைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எடை சமமாக இருக்கும்போது, எந்த வேலை மற்ற வேலையைப் பாதிக்கிறதோ அது முன்னால் வரவேண்டும். எதை அளப்பது என்று முடிவாகாமல் யாரைச் சேர்ப்பது என்று பேசிப் பயனில்லை. யாரைச் சேர்ப்பது என்று முடிவாகாமல் எந்த முறையில் கணக்கிடுவது என்று பேசிப் பயனில்லை. எனவே பதிவேடு முதலில், விட்டுப்போனவர்கள் அடுத்து, நிலைய வாரிக் கணக்கு மூன்றாவது. இந்த வரிசையில் கொடுத்தால் கட்டுரையாளர் ஒரே தடவை கணக்கிட்டால் போதும். தலைகீழாகக் கொடுத்தால் மூன்று தடவை கணக்கிட்டுக் கடைசியில் குழம்புவார்.

அடுத்த அடுக்கில் வருபவை முடிவைக் கவிழ்க்காது, ஆனால் அதன் பலத்தைக் குறைக்கும். மாத்திரை சாப்பிட்டதை நோயாளிகள் வாயால் சொன்னதை வைத்தே அளந்திருக்கிறார்கள். மீதி மாத்திரையை எண்ணவில்லை. தினமும் "மாத்திரை சாப்பிட்டீர்களா" என்று செய்தி பெறுகிறவர், கேட்டால் "ஆமாம்" என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். அந்த ஆறு மாதத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே புதுச் சோதனை கேட்பது வீண். குறையை ஒப்புக்கொண்டு எழுதச் சொல்வதே நியாயம். "மாநிலம் முழுவதும் கொண்டுவரலாம்" என்ற வாக்கியத்துக்குக் கட்டுரையில் செலவுக் கணக்கே இல்லை. கணக்கைத் தரவேண்டும், இல்லையென்றால் வாக்கியத்தை எடுக்கவேண்டும்.

பட்டியலுக்கு வெளியே போகவேண்டியவையும் உண்டு. இந்த இடத்தில்தான் ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். முதல் மதிப்பீட்டாளர் ஒரு முழுப் பக்கத்துக்கு, ஆய்வை ஓர் ஆண்டு வரை நீட்டவேண்டும் என்று வாதாடியிருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் கட்டுரை ஆறு மாதத்தைப் பற்றித்தான் பேசுகிறது; அந்த வாக்கியத்துக்கு ஓர் ஆண்டுத் தகவல் தேவையில்லை. பிளூக் குறைப்பட்டது இப்படிப்பட்ட கோரிக்கைகளைத்தான். இரண்டாமவர் ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறார். அவற்றில் நான்கு ஒரே குழுவினர் எழுதியவை. வாதத்துக்கு அவை எப்படி உதவும் என்று அவர் சொல்லவில்லை. இது கட்டாயப் பட்டியலில் ஏறக்கூடாது. மேலும், முன்னுரையைச் சுருக்கவேண்டும் என்கிறார் ஒருவர். விரிக்கவேண்டும் என்கிறார் மற்றவர். இரண்டையும் அப்படியே கட்டுரையாளரிடம் தள்ளிவிடுவது ஆசிரியர் தன் வேலையைச் செய்யாததற்கு அடையாளம். ஒன்றைத் தேர்ந்து சொல்லவேண்டும், அல்லது முன்னுரையை விட்டுவிடலாம் என்று சொல்லவேண்டும்.

ஏழு பக்கம் இப்படிச் சுருங்கி வந்து நிற்கும்:

அ. கட்டாயம் செய்யவேண்டியவை, இதே வரிசையில்

1. பதிவேட்டில் உள்ளபடி ஆறாம் மாத இரத்த அழுத்தத்தை முதன்மை முடிவாக முன்வைக்கவும். மாத்திரை ஒழுங்கைத் துணை முடிவாக மாற்றவும். மாற்றத்துக்கு முன்பே எடுத்த முடிவு ஏதும் இருந்தால் அதற்கான ஆவணத்தையும் தேதியையும் தரவும். (ம2-15)

2. சேர்ந்த 540 பேரையும் அவரவர் பக்கத்திலேயே வைத்துக் கணக்கிடவும். விட்டுப்போன 60 பேர் எப்போது, ஏன் விலகினார்கள் என்பதை ஒரு படத்தில் காட்டவும். அவர்களைப் பற்றி வேறு வேறு அனுமானங்கள் வைத்தால் முடிவு எப்படி மாறுகிறது என்று சொல்லவும். (ம2-4, ம1-11)

3. 1, 2 முடிந்தபின், நிலையங்களுக்குள் உள்ள ஒற்றுமையைச் சேர்த்து எல்லா முடிவுகளையும் மறுபடி கணக்கிடவும். மொத்தம் 12 நிலையங்களே இருப்பதால் சிறு எண்ணிக்கைக்கு உரிய திருத்தத்தையும் செய்யவும். ஒற்றுமை அளவை வெளியிடவும். வேறுபாடு நிலைக்காவிட்டால் தலைப்பு, சுருக்கம், முடிவுரை மூன்றையும் அதற்கேற்ப மாற்றவும். (ம1-9)

4. மாத்திரை ஒழுங்கு நோயாளிகள் சொன்னதை மட்டும் வைத்து அளக்கப்பட்டது என்பதைச் சுருக்கத்திலேயே சொல்லவும். அது எந்தப் பக்கம் சாய்வை உண்டாக்கும் என்பதைக் கலந்துரையாடலில் விளக்கவும். புதுத் தரவு தேவையில்லை. (ம1-6, ம2-7)

5. மாநிலம் முழுவதும் விரிப்பது பற்றிய கூற்றுக்குச் செலவுக் கணக்கு தரவும் அல்லது கூற்றை நீக்கவும். (ம2-10)

6. அட்டவணை 2-இல் இடம் மாறியுள்ள இரண்டு தலைப்புகளைச் சரிசெய்யவும். (ம1-12)

ஆ. விரும்பினால் செய்யலாம்: தலைப்பு, நடை, மேற்கோள்கள் பற்றிய மற்றக் குறிப்புகள். செய்யாவிட்டாலும் முடிவு மாறாது. ஓர் ஆண்டுத் தொடர்ச்சி கேட்கப்படவில்லை. முன்னுரையின் நீளம் இருக்கிறபடியே போதும்.

ஆறாவது ஏன் கட்டாயப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்கலாம். சிறிய வேலைதான். ஆனால் தலைப்பு மாறியிருந்தால் வாசகர் ஒரு பக்கத்து எண்ணை மறுபக்கத்து எண் என்று படித்துவிடுவார். வேலையின் அளவு சிறிது என்பதால் தேவை சிறிது ஆகிவிடாது.

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: எங்கே குறை, என்ன செய்யவேண்டும், எது செய்தால் போதும். கடைசியில் உள்ளதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "புள்ளியியலை மேம்படுத்தவும்" என்று எழுதினால், கட்டுரையாளர் ஏதோ ஒரு சோதனையைச் சேர்த்து அனுப்புவார். மதிப்பீட்டாளர் திருப்தியில்லை என்பார். இன்னொரு சுற்று போகும். மூன்றாம் குறிப்பின் கடைசி வாக்கியமும் முக்கியம். மறு கணக்கில் முடிவு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், கட்டுரையாளர் புதுக் கணக்கைப் பின்னிணைப்பில் போட்டுவிட்டுப் பழைய முடிவுரையை அப்படியே வைத்திருப்பார். திருத்திய கட்டுரைகளில் இது சாதாரணமாக நடக்கிறது.

பட்டியல் சரியா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். இந்த ஆறையும் கட்டுரையாளர் ஒழுங்காகச் செய்து கொண்டுவந்தால் நான் ஏற்பேனா? "இல்லை, இன்னும் ஒன்று உறுத்துகிறது" என்று மனம் சொன்னால் அந்த ஒன்று பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. அடுத்த சுற்றில் அதைப் புதிதாகக் கிளப்புவது கட்டுரையாளருக்குச் செய்யும் அநியாயம். இரண்டாவது, இந்த ஆறில் ஒன்றைச் செய்யாமல் வந்தால் அந்த ஒன்றுக்காக நான் மறுப்பேனா? மறுக்கமாட்டேன் என்றால் அது "விரும்பினால்" பகுதிக்குப் போகவேண்டும். இப்படி ஒவ்வொன்றையும் கேட்கும்போது பட்டியல் தானே மெலியும்.

பிறகு எதிர்த் திசையில் ஒரு சரிபார்ப்பு. மூல அறிக்கையை எடுத்து, 31 குறிப்புகளும் எங்கே போயின என்று ஒவ்வொன்றாக அடையாளமிடவேண்டும்: கட்டாயத்தில், விருப்பத்தில், அல்லது காரணத்தோடு விலக்கப்பட்டது. அடையாளம் இல்லாமல் ஒன்று நின்றால் அது மறதியில் நழுவியது. சுருக்கும்போது அடிக்கடி நழுவுவது நிபந்தனைதான். "தரவு கையிலிருந்தால் மாத்திரை எண்ணிக்கையையும் சேர்க்கவும்" என்று மதிப்பீட்டாளர் எழுதியது, "மாத்திரை எண்ணிக்கையைச் சேர்க்கவும்" என்று சுருங்கினால், முடியாத ஒன்றைக் கட்டாயமாக்கிவிட்டோம். அதேபோல இரண்டு பேரின் குறிப்புகளை ஒன்றாக்கும்போது, பொதுவான பாதி மிஞ்சி, ஒருவர் மட்டும் சொன்ன கூர்மையான பாதி மறைந்துவிடும்.

சொற்களின் பணிவு இன்னொரு பொறி. அனுபவம் மிக்க மதிப்பீட்டாளர்கள் பலர் மிகப் பெரிய குறையையும் "யோசிக்கலாம்", "தெளிவுபடுத்தினால் நல்லது" என்றே எழுதுவார்கள். அறிக்கையின் சொற்களை மட்டும் வைத்துச் சுருக்குகிறவர் அந்த நிலைய வாரிக் கணக்கை "விரும்பினால்" பகுதியில் போட்டுவிடுவார். அதனால்தான் கட்டுரையைப் பக்கத்தில் திறந்து வைக்காமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது. 43, 17 என்ற எண்கள் அறிக்கையில் இல்லை, கட்டுரைக்குள் இருந்தன. அதோடு, தான் சுருக்கியதை மதிப்பீட்டாளர் சொன்னதாகக் காட்டக்கூடாது. குறிப்பின் எடையை ஆசிரியர் கூட்டியிருந்தால் அது ஆசிரியரின் முடிவு என்று கடிதத்தில் தெரியவேண்டும். மூல அறிக்கைகளைத் திருத்தாமல் கூடவே இணைக்கவேண்டும். ஆசிரியருக்கு மட்டும் என்று மதிப்பீட்டாளர் தனியே எழுதியது, அதன் வாடை கூடப் பட்டியலில் வரக்கூடாது.

பட்டியலே போடக்கூடாத சந்தர்ப்பமும் உண்டு. நினைவூட்டல் பக்கம் ஒரு நிலையம், மற்ற பக்கம் ஒரு நிலையம் என்று மொத்தம் இரண்டே நிலையங்களில் இதே ஆய்வு நடந்திருந்தால், எந்த மறு கணக்காலும் அதைக் காப்பாற்ற முடியாது. வேறுபாடு நினைவூட்டலால் வந்ததா, அந்த நிலையத்தின் செவிலியரால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை. அப்போது திருத்தப் பட்டியல் அனுப்புவது ஒருவரை நான்கு மாதம் வேலை வாங்கிவிட்டுப் பிறகு மறுப்பது. முதல் நாளே மறுத்து, ஏன் என்று இரண்டு பத்தியில் சொல்வதே மரியாதை.

இலைஃப் 2023-இல் ஏற்பு, மறுப்பு என்ற முடிவையே கைவிட்டது. இப்போது மதிப்பீடு செய்ய எடுத்துக்கொண்ட கட்டுரையை அறிக்கைகளோடும், ஆசிரியர் குழுவின் சுருக்கமான கணிப்போடும் வெளியிடுகிறது. எதைத் திருத்துவது என்பது கட்டுரையாளரின் விருப்பம். கட்டாயம் என்ற சொல்லுக்கு அங்கே பழைய வலிமை இல்லை. ஆனால் எந்தக் குறை முடிவைக் கவிழ்க்கிறது, எது கவிழ்க்கவில்லை என்று பிரித்துச் சொல்லும் தேவை குறையவில்லை; இப்போது அதைக் கட்டுரையாளரோடு வாசகரும் படிக்கிறார். மற்ற பெரும்பாலான இதழ்களில் பழைய முறையே நடக்கிறது.

உங்கள் கைக்கு வரிசையில்லாத ஏழு பக்கம் வந்தால், திருத்தத் தொடங்கும் முன்பு இந்தப் பட்டியலை நீங்களே தயாரியுங்கள். உங்கள் கட்டுரை நிலைநாட்ட வரும் வாக்கியத்தை எழுதி, குறிப்புகளை அதற்கு நேரே வைத்து, கட்டாயம் எது, விருப்பம் எது, எதை ஏன் செய்யப்போவதில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். "இதுதான் நீங்கள் எதிர்பார்ப்பதா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவருடைய கடமை.